பழுத்தால் மாவு எங்கே போகிறது? வாழைக்காயும் வாழைப்பழமும்: ஒரு கணக்கு

பவானிக்கரை

மாமியாருக்கு சர்க்கரை இருக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "பழத்தைத் தொடாதீங்க, வாழைக்காய் தாராளமா சாப்பிடலாம்" என்கிறார்கள். காயில் இருக்கும் மாவுதான் பழுத்ததும் சர்க்கரையாகிறது என்றால் இரண்டிலும் இருப்பது ஒரே சரக்குதானே? அட்டவணையைப் பார்த்துத் தெளியலாம் என்று போனால் குழப்பம் கூடிவிட்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் வாழைக்காயில் கார்போஹைட்ரேட் 14 கிராம், வாழைப்பழத்தில் 27.2 கிராம். அமெரிக்க வேளாண் துறை அட்டவணையில் 'பிளான்டெய்ன்' பச்சைக்காய் என்றால் சுமார் 37, அதே பழுத்தது என்றால் சுமார் 32. ஒன்றில் பழுத்தால் இரட்டிப்பாகிறது, மற்றதில் குறைகிறது. எதை வைத்து அளவு போடுவது?

செவ்வந்தி

பழுக்கப் பழுக்க உள்ளே சர்க்கரை ஊறும்ங்க. அதனால கலோரியும் ஏறும். காயில ஒரு துவர்ப்பு இருக்கே, அதுதான் இனிப்பா மாறுது. 14 இருந்தது 27 ஆனது அதனாலதான். காய் கறிதானே, கத்திரிக்காய் வெண்டைக்காய் மாதிரி. அத்தையை பயப்படாம சாப்பிடச் சொல்லுங்க.

கண்ணாடிக்குடுவை

செவ்வந்தி, பழுக்கப் பழுக்கச் சர்க்கரை கூடுகிறது என்பது வரை சரி. மற்ற இரண்டையும் திருத்த வேண்டும்.

தாரை மரத்திலிருந்து வெட்டிய பிறகு காய்க்குள் புதிதாக எந்தச் சத்தும் வருவதற்கு வழியில்லை. இலையிலிருந்து வந்துகொண்டிருந்த உணவு வெட்டிய அன்றோடு நின்றுவிட்டது. அதன்பிறகு நடப்பதெல்லாம் இருக்கிற சரக்கை உருமாற்றுவதுதான். பச்சைக்காய்ச் சதை 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 21 கிராம், சர்க்கரை 1 கிராம் என்று வையுங்கள். கேவண்டிஷ் வகை, அதாவது நம் ஊரில் மோரிஸ், பச்சைப்பழம் என்று விற்பதற்கு இது பொருந்தும். நன்றாகப் பழுத்து முடிந்ததும் மாவு 1 கிராம்தான் மிஞ்சும். போன 20 கிராம் சர்க்கரையாக நிற்கிறது. மாவுச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக உடையும்போது ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்துகொள்வதால் 162 பங்கு மாவு 180 பங்கு குளுக்கோஸாகும். ஆக 20 கிராம் மாவுக்கு 22 கிராம் வரைக்கும் சர்க்கரை வர வேண்டும். ஆனால் அளந்தால் 18 முதல் 20 வரைதான் வரும். ஏனென்றால் பழுக்கும் பழம் வேகமாக மூச்சு விடுகிறது, அந்த மூச்சுக்குக் கொஞ்சம் சர்க்கரை எரிந்துபோகிறது. அதோடு சதையில் சர்க்கரை கூடக்கூட அது தோலிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பழுத்த பழத்தின் தோல் மெலிந்து, சதை கனத்துப் போவதற்கு இதுவே காரணம். தண்ணீர் சேர்வதால் 100 கிராமுக்கு என்று கணக்குப் போட்டால் எண் சற்று இறங்கும்.

அதாவது பழுப்பதால் மொத்தக் கார்போஹைட்ரேட் ஏறவே ஏறாது, சிறிது குறையும். அமெரிக்க அட்டவணையில் 37 என்பது 32 ஆகிறது, பாருங்கள். போகிற திசை அதுதான்.

துவர்ப்பு வேறு சங்கதி. அது டானின். பழுக்கும்போது டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, எச்சிலோடு சேராத நிலைக்குப் போய்விடுகின்றன. அவை பழத்தில் இருக்கத்தான் செய்கின்றன, நாக்குக்குத்தான் தெரியாது. அவை இனிப்பாக மாறுவதில்லை.

பவானிக்கரை

அப்படியானால் நம் அட்டவணையில் 14-ம் 27-ம் எப்படி?

கண்ணாடிக்குடுவை

அந்த இரண்டு வரியும் ஒரே காயின் இரண்டு நிலைகள் இல்லை. அதே அட்டவணையில் ஈரப்பதப் பத்தியைப் பாருங்கள். வாழைக்காய்க்கு 83.2, பழத்துக்கு 70.1 என்று இருக்கும். 83 பங்கு தண்ணீர் போனால் மிச்சம் 17 கிராம்தான், அதில் 14 கார்போஹைட்ரேட். மாவு ஏறி முடியாத இளங்காயில்தான் இவ்வளவு தண்ணீர் இருக்கும். கறிக்கு வருவதை யாரோ அளந்திருக்கிறார்கள், பழத்தை வேறு வகையில் அளந்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து "பழுத்தால் இரட்டிப்பு" என்று படிப்பது தவறு. ஆனால் எந்த ரகத்தை, எத்தனை நாள் காயை எடுத்தார்கள் என்பது அந்த வரியில் இல்லை, ஆகையால் என் விளக்கம் ஈரப்பதத்தை வைத்துச் சொல்வது மட்டுமே.

திருச்சித்தார்

குடுவை அண்ணன் சொல்றது தோட்டத்துல பார்க்கிறவங்களுக்கு எளிதா பிடிபடும். கறிக்கடைக்குப் போற காய் பெரும்பாலும் மொந்தன். அதைப் பிஞ்சா வெட்டுறவங்களும் உண்டு, முத்த விட்டு வெட்டுறவங்களும் உண்டு. பிஞ்சுல காயோட விளிம்பு கத்தி மாதிரி நிக்கும், நறுக்கினா தண்ணியா சொட்டும், வெந்தா வழவழன்னு இருக்கும். முத்தினதுல விளிம்பு மழுங்கி உருண்டு வந்திருக்கும், வெந்தா மாவு மாதிரி உதிரும். இந்த ரெண்டுக்கும் ஒரே எண் போடுறது நியாயமே இல்ல.

சந்தேகமிருந்தா வீட்டுலயே பார்க்கலாம். தோல் நீக்கின சதையை 100 கிராம் எடுத்து மெல்லிசா சீவி, வெயில்ல 2 நாள் காயவிட்டு, கையால ஒடிச்சா "படக்"குன்னு முறியற அளவுக்கு வந்ததும் மறுபடி எடை போடுங்க. போன வாரம் மொந்தன்ல ரெண்டு தரம் பார்த்தேன். பிஞ்சு 100 கிராம் காஞ்சு 18 ஆச்சு, முத்தினது 28 ஆச்சு. காஞ்ச எடையில பெரும்பங்கு மாவுதான். நார், புரதம், சாம்பல்னு 3, 4 கிராமைக் கழிச்சா உங்க கையில இருக்கிற காயோட கார்போஹைட்ரேட் கிடைச்சுடும். அமெரிக்கக்காரன் எண்ணும் வேண்டாம், நம்ம பழைய எண்ணும் வேண்டாம்.

இன்னொண்ணு. அவங்க 'பிளான்டெய்ன்'னு சொல்றது நம்ம நேந்திரனோட சாதி. மொந்தன் வேற கூட்டம். தமிழ்ல ரெண்டுத்துக்கும் வாழைக்காய்னே சொல்றோம், அதுலயும் பாதிக் குழப்பம்.

நடைப்பயிற்சி

இங்கே எல்லோரும் காய் நல்லது என்கிறீர்கள். என் மீட்டர் வேறு சொல்கிறது. 3 இட்லியும் ஒரு கிண்ணம் வாழைக்காய்ப் பொடிமாஸும் சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 196. இன்னொரு நாள் 3 இட்லியோடு ஒரு பூவன் பழம் சாப்பிட்டேன், 158. ஆகவே காய்தான் சர்க்கரைக்கு ஆகாது, பழம் நல்லது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்காத பழமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடிக்குடுவை

ஐயா, காய் நல்லது என்று நான் இதுவரை சொல்லவில்லை. உங்கள் இரண்டு அளவுகளிலும் ஒரு உண்மை இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை எடுத்த அளவு. கிண்ணம் நிறைய பொடிமாஸ் என்றால் காய் 200 கிராமுக்குக் குறையாது, முற்றின காயானால் அதில் 45 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட் இருக்கும். ஒரு பூவன் பழம் உரித்தால் 60, 70 கிராம் சதை, அதில் 15-ஐ ஒட்டி. மூன்று பங்கு சரக்கை ஒரு பங்கோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

இப்போது உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பவானிக்கரையின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

வாழைக்காயில் மாவு குருணை குருணையாக இறுகிக் கிடக்கிறது. அரிசி மாவின் குருணையைவிட மிகப் பெரியது, மேற்பரப்பு வழவழப்பானது. நம் குடலிலுள்ள அமைலேஸ் நொதி அதன் மேல் பல் பதிக்க முடியாமல் நழுவும். அதனால் பச்சையாக தின்ற காயின் மாவில் பெரும்பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகும். ரத்தத்தில் குளுக்கோஸாக ஏறாது. "வாழைக்காய் சர்க்கரைக்கு நல்லது" என்று பரவியிருக்கும் பேச்சின் வேர் இதுதான். அப்படிக் கண்ட ஆய்வுகளில் கொடுத்தது வேகாத பச்சைக்காய், அல்லது சூடுபடாமல் உலர்த்திய பச்சைக்காய் மாவு.

யார் வாழைக்காயைப் பச்சையாகத் தின்கிறார்கள்? அடுப்பில் ஏறி 65 முதல் 75 டிகிரிக்குள் அந்தக் குருணைகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி உடைந்து பசையாகிவிடும். பிறகு அமைலேஸுக்கு அது எளிதான இரை. கொதிக்கிற குழம்பு 100 டிகிரி. குக்கரில் இன்னும் மேலே. பச்சைக்காய்க்கு இருந்த பெயரை வெந்த காய்க்குச் சூட்டிவிட்டோம்.

அதற்கு மேல் ஒன்று. மாவுச்சத்து முழுக்க முழுக்க குளுக்கோஸ் கண்ணிகளால் ஆனது. செரித்தால் கிடைப்பது குளுக்கோஸ் மட்டுமே. பழத்திலோ பழுக்கும் ஆரம்பத்தில் மாவு பெரும்பாலும் சுக்ரோஸாகிறது, அதாவது நம் அஸ்கா சர்க்கரை. பிறகு இன்வெர்டேஸ் என்ற நொதி அதை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் சரிபாதியாகப் பிளக்கிறது. ஃபிரக்டோஸ் ரத்தக் குளுக்கோஸை மிகக் குறைவாகவே ஏற்றும். ஆகவே நன்றாகப் பழுத்த பழத்தின் 20 கிராம் சர்க்கரையில் குளுக்கோஸ் ஏறக்குறைய 10 கிராம்தான். வெந்த முற்றின காய் 100 கிராமில் 24 கிராம் மாவு முழுவதும் செரித்தால் அது ஏறக்குறைய 27 கிராம் குளுக்கோஸ். ஐயாவின் மீட்டரில் தெரிந்தது இந்த வித்தியாசமாக இருக்கலாம், அளவு வித்தியாசம் சேர்ந்து.

சமையல்கட்டு

"முழுவதும் செரித்தால்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், அதில்தான் நான் மாறுபடுகிறேன். வெந்த காய் எல்லாம் ஒரே மாதிரி செரிப்பதில்லை. பெரிய துண்டாக வெந்ததில் செல்சுவர் அப்படியே நிற்கும், மாவு அந்தப் பைக்குள் அடைபட்டுக் கிடக்கும், நொதி மெதுவாகத்தான் நுழையும். பொடிமாஸுக்கு வேகவைத்துத் துருவுகிறோம், கோலா உருண்டைக்கு மசித்துப் பிசைகிறோம். அப்போது பை கிழிந்துபோகிறது. ஒரே காய், ஒரே நேரம் வெந்தது, ஆனால் துண்டுக் கறியும் பொடிமாஸும் ரத்தத்தில் ஒரே வேகத்தில் ஏறாது. பழம் நல்லது, காய் கெட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

கண்ணாடிக்குடுவை

இதை ஏற்கிறேன். நான் சொன்னது உச்ச அளவு. வேகம் சமையல் முறையைப் பொறுத்தது, மொத்த அளவு காயின் முற்றலைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்க முடியாது.

யாழ்முற்றம்

எங்கட பக்கம் சாம்பல் வாழைக்காய்தான் கறிக்கு. பால்கறி வைச்சு, மிஞ்சினதை அடுத்த நாள் சாப்பிடுறதும் உண்டு. ஆறின சோத்திலை மாவு திரும்ப இறுகி செரிக்காமல் போகும் எண்டு சொல்லுவினம். வாழைக்காய்க்கும் அப்படி வருமோ? வருமெண்டால் முதல் நாள் சமைச்சு குளிர்சாதனப் பெட்டியில வைச்சிட்டால் பிரச்சினை முடிஞ்சுதே?

கண்ணாடிக்குடுவை

வரும், ஆனால் கொஞ்சம்தான். பசையான மாவு குளிர்ந்ததும் அதன் நேர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகும். அந்த இறுகின பகுதி செரிக்காது. ஒரு இரவு 4 டிகிரியில் வைத்தால் ஒரு பகுதி திரும்புமே தவிர, பச்சைக்காயில் இருந்த நிலைக்குப் பக்கத்தில்கூட வராது. நேர்ச்சங்கிலி இறுகினது மறுபடி சுடவைத்தாலும் பெரும்பாலும் நிற்கும், கிளைச்சங்கிலி இறுகினது சுட்டதும் விட்டுப்போகும். ஆகவே பழங்கறியால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன், அதை நம்பி அளவைக் கூட்டவும் சொல்ல மாட்டேன்.

வறுவல்கடை

எங்கள் தொழிலில் இந்த மாவு சர்க்கரையாகும் கதை தினசரி நஷ்டம். நேந்திரங்காய் சிப்ஸுக்கு முற்றின காயாக வேண்டும், ஆனால் ஒரு துளி பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. தோல் பார்த்தால் முழுப் பச்சை, கை வைத்தால் கல், ஆனாலும் எண்ணெயில் போட்டால் ஓரம் தங்க நிறம் தாண்டிப் பழுப்பாகி நடுவில் மெத்தென்று நிற்கும். தோல் மஞ்சளாவதற்கு முன்பே உள்ளே மாவு சர்க்கரையாக உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் 170, 180 டிகிரி எண்ணெயில் புரதத்தோடு சேர்ந்து உடனே கருகும், மாவு அப்படிக் கருகாது. வெந்து மொறுமொறுப்பாவதும் மாவுதான், சர்க்கரை கூடினால் மொறுமொறுப்பு நிற்காமல் நமத்துப் போகும். தீயைக் குறைத்துப் போட்டால் நிறம் தப்பும், ஆனால் எண்ணெய் குடிக்கும். அதற்கு மருந்து கிடையாது, அந்தக் காயை பழமாக்கி விற்பதுதான் வழி.

ஒரு சீப்பில் ஒரே ஒரு காய் பழுக்கத் தொடங்கினாலும் அதிலிருந்து வரும் எத்திலீன் மற்றவற்றையும் எழுப்பிவிடும். அதனால் தார் வந்ததும் சீப்புகளைப் பிரித்துக் காற்றோட்டமாக வைக்கிறோம். மூட்டம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பவானிக்கரை

தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே மாறியிருந்தால், கடையில் வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடிக்குடுவை

அயோடின் வைத்துக் காணலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசல் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் சேர்த்து ஒரு தட்டில் ஊற்றுங்கள். காயின் நடுப்பகுதியிலிருந்து குறுக்கே 1 சென்டிமீட்டர் வில்லை வெட்டி, வெட்டின முகம் கீழே படும்படி 1 நிமிடம் வைத்து எடுத்து, தண்ணீரில் ஒரு முறை அலசிப் பாருங்கள்.

பச்சைக்காய் என்றால் முகம் முழுக்க மை பூசினது போல் கருநீலமாகும். பழுக்கத் தொடங்கினதில் நடுவில், அந்தச் சின்னச் சின்ன கறுப்பு விதைப் புள்ளிகள் இருக்கும் இடத்தைச் சுற்றி, நிறம் ஏறாமல் வெளிறிப்போகும். மாவு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கரைந்துகொண்டு போவதால் அந்த வெளிறல் நாளுக்கு நாள் அகலும். முழு மஞ்சளில் ஓரத்தில் மெல்லிய நீல வளையம் மட்டும். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த கேவண்டிஷில் அதுவும் போய், அயோடினின் மஞ்சள் சாயம் மட்டும் தங்கும். நேந்திரனில் அப்படிப் போகாது. தோல் கறுத்த நேந்திரம்பழத்திலும் நீலம் தெரியும்.

சோதித்த வில்லையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சாப்பிடாதீர்கள். வெட்டி வைத்துத் தாமதித்தால் காற்றுப் பட்டு வரும் பழுப்பு வேறு, அயோடினால் வரும் கருநீலம் வேறு. வெட்டினவுடன் தோய்த்தால் குழப்பம் வராது.

பவானிக்கரை

செய்தேன். மொந்தன் காய் முழுக்க கருநீலம். புள்ளி விழுந்த மோரிஸ் மஞ்சள்தான். அப்படியே வேகவைத்த மொந்தன் துண்டை அடுப்பிலிருந்து எடுத்து உடனே தோய்த்தேன், நிறமே வரவில்லை! வெந்ததும் மாவு போய்விட்டதா? அப்படியானால் வேகவைப்பது நல்லதுதானே?

கண்ணாடிக்குடுவை

இல்லை. சூட்டில் அயோடினும் மாவும் சேர்ந்து நிற்காது, நீலம் கலைந்துவிடும். துண்டு முழுக்க ஆறட்டும், பிறகு தோயுங்கள். பச்சையைவிடக் கருமையாகவே வரும்.

இன்னொரு எச்சரிக்கையும். அயோடின் மாவு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். செரிக்குமா செரிக்காதா என்று சொல்லாது. பச்சை வில்லையும் வெந்து ஆறின வில்லையும் நீலத்தைக் காட்டும், ஆனால் குடலில் இரண்டும் வேறு வேறு.

செவ்வந்தி

இப்பத்தான் புரியுது, நான் சொன்னது தப்பு. ஆனா ஒண்ணு கேக்கணும். பச்சைப்பழம்னு ஒண்ணு விக்கறாங்களே, தோல் பச்சையா இருக்கும், உள்ள தித்திக்கும். அதுல பாதி மாவு இருக்கும்னுதானே அத்தைக்கு வாங்கித் தரச் சொல்றாங்க?

திருச்சித்தார்

இல்லீங்க. அது ரகத்தோட குணமும் வெப்பமும் சேர்ந்து செய்யற வேலை. மோரிஸ், ரொபஸ்டா கூட்டத்துல வெளி வெப்பம் 25, 30 டிகிரியைத் தாண்டினா தோல்ல இருக்கிற பச்சையம் சரியா கலையாது, ஆனா உள்ள மாவு உடையறது நிக்காது. அதனால பழம் பழுத்தும் தோல் பச்சை. அறையில 16லிருந்து 18 டிகிரி, ஈரம் 90 சதம், எத்திலீன் 10 லட்சத்துல 100 பங்குன்னு 24 மணி நேரம் வெச்சா அதே ரகம் சில நாள்ல மஞ்சளா வந்துடும். உள்ள இருக்கிற சர்க்கரை ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். நிறத்தை வெச்சு மாவு அளக்காதீங்க.

கார்பைடு கல்லுல இதோட எதிர் தப்பு நடக்கும். இளங்காயையும் அவசரமா மஞ்சளாக்கிடுவாங்க. தோல் மஞ்சள், உள்ள கட்டி, நடுவுல வெட்டி அயோடின் போட்டா நீலம் அப்படியே நிக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அது 2011 விதிகள்லயே தடை. தோலைப் பார்த்து வாங்கறவங்களுக்கு அது தெரியாது.

பச்சையா இருக்கிற தாரை 13 டிகிரிக்குக் கீழ போடாதீங்க. தோல் சாம்பல் அடிச்சு, அப்புறம் எவ்வளவு நாள் வெளிய வெச்சாலும் உள்ள மாவு சரியா உடையாது. பழுத்த பிறகு குளிர்ல வெச்சா தோல் கறுக்கும், சதைக்கு ஒண்ணும் ஆகாது.

யாழ்முற்றம்

பச்சைக்காயை உலர்த்தி அரைச்ச மாவு பற்றி யாரும் சொல்லேல்லை. அது பச்சைக் குருணையாத்தானே இருக்கும்?

சமையல்கட்டு

உலர்த்தும் சூடு எவ்வளவு என்பதில் இருக்கிறது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் வில்லையாகச் சீவி, கறுக்காமல் இருக்க புளித்த மோரில் 10 நிமிடம் போட்டு வடித்து, வெயிலிலோ 50 டிகிரிக்கு மேல் போகாத உலர்த்தியிலோ காய வைத்தால் குருணை உடையாது. 80 டிகிரியில் அவசரமாகக் காய வைத்தால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும்போதே அந்த ஈரத்தில் மாவு வெந்துபோகும். வில்லை கண்ணாடி போல் மின்னும், அரைத்தால் தண்ணீரில் வழவழக்கும். நல்ல மாவு வெள்ளையாக, சுண்ணாம்பு போல் தொடும், தண்ணீரில் கலந்தால் அடியில் படியும்.

ஆனால் அந்த நல்ல மாவையும் கஞ்சி காய்ச்சினால் முடிந்தது. அந்தக் கஞ்சி கெட்டியாவதே குருணை உடைவதால்தான். மோரில் பச்சையாகக் கலந்து குடித்தால் மட்டுமே அந்தச் செரிக்காத மாவு கிடைக்கும். கொஞ்சமாகத் தொடங்க வேண்டும், பெருங்குடலில் புளிப்பதால் வயிறு உப்பும். 1 தேக்கரண்டிக்கு மேல் முதல் வாரம் போகாதீர்கள். சப்பாத்தியில் தண்ணீர் குறைவு என்பதால் கொஞ்சம் தப்பும் என்று நினைக்கிறேன், எவ்வளவு என்பதில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கருத்துகளே என் காதில் விழுகின்றன.

நடைப்பயிற்சி

என்னை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சரி. காயை 200-லிருந்து 80 கிராம் ஆக்கி, துண்டாக வேகவைத்து, 2 இட்லியோடு சாப்பிட்டுப் பார்க்கிறேன். ஆனால் பழத்தை விட மாட்டேன்.

கண்ணாடிக்குடுவை

இட்லியும் 3-லிருந்து 2 ஆனால் எது இறக்கியது என்று தெரியாது. முதலில் இட்லியை 3-ஆகவே வையுங்கள், காயை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரம், ஒரே நடை. மூன்று நாள் அளந்து நடு எண்ணை எடுங்கள். மாத்திரை அளவு எதையும் இதை வைத்து மாற்றாதீர்கள், அது மருத்துவரிடம்.

பவானிக்கரை, உங்கள் முதல் கேள்விக்கு: எடை போட்டு உலர்த்தின எண்ணே உங்கள் வீட்டுக் காய்க்கான எண். 28 கிராம் காய்ந்த எடை வந்த மொந்தன் என்றால் சமைப்பதற்கு முன் 100 கிராம் சதைக்கு 24 கிராம் கார்போஹைட்ரேட் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சோற்றுக் கணக்கில் சேருங்கள், கறிக் கணக்கில் வேண்டாம். நேந்திரம்பழம் வாங்கினால் அமெரிக்க அட்டவணைப்படி பழுத்ததில் சுமார் 32-ல் சர்க்கரை 17-ஐ ஒட்டி, நார் 2-க்குள் என்று பார்த்தால் 12, 13 கிராம் மாவு மிச்சம். அதை மலையாளிகள் ஆவியில் வேகவைத்துத் தின்பார்கள். அதில் சர்க்கரையும் உண்டு, வெந்த மாவும் உண்டு.

பவானிக்கரை

மாமியாருக்கு வாழைக்காய் வறுவலும் ரசமும் பிடிக்கும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு காய் 80 கிராம் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாங்கும் காயை உலர்த்தி எடை போடுகிறேன். பிஞ்சாக வந்தால் கொஞ்சம் கூடத் தரலாமா?

திருச்சித்தார்

தரலாம். 18 வந்த பிஞ்சுல 14, 15தான் கார்போஹைட்ரேட். ஆனா வறுவல் பிஞ்சுல நல்லா வராது, தண்ணி விட்டு எண்ணெய் குடிக்கும். விளிம்பு பாதி மழுங்கினதா பார்த்து எடுங்க.